ஆடுகிற கம்மோடும் அடியில் இருக்கும் மெழுகும்

அம்மா மதுரையிலிருந்து நியூஜெர்சிக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்: "தம்பி, மாடி பாத்ரூம்ல கம்மோடு லேசா அசையுதுப்பா. உட்காரும்போது பயமா இருக்கு."

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மெல்ல இறங்கினாலும் கடைசி ஒரு சாண் உயரத்தில் உடம்பு தன் பாரத்தோடு தொப்பென்று உட்கார்ந்துவிடும். அந்த நொடியில்தான் ஆட்டம் தெரிந்திருக்கிறது. நாங்கள் இரண்டு வருடமாக அதே கம்மோடைப் புழங்கிக்கொண்டிருந்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. போய் முன்பக்க விளிம்பைக் கையால் அழுத்திப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு நூல் அளவுக்குத் தூக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான் ஆட்டம்.

கம்மோடின் அடியில் இரு பக்கமும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி போட்ட இரண்டு போல்ட் இருக்கும். மூடியை நெம்பி எடுத்துவிட்டு ஸ்பேனர் போட்டு நட்டை முறுக்கினேன். இரண்டு பக்கமும் ஒன்றரைச் சுற்று வாங்கியது. ஆட்டம் நின்றுவிட்டது. அம்மாவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு மேசைக்கு நேர்மேலே கூரையில் டீ சிந்திய நிறத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை வந்திருந்தது. அதற்கு மேலேதான் அந்த பாத்ரூம்.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு ஏன் கசிந்தது? அமெரிக்காவில் கம்மோடு தரையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

நம் ஊரில் தரை கான்கிரீட். கம்மோடை வைத்து, ஸ்க்ரூ போட்டு, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசிவிடுவார்கள். பிறகு அது தரையோடு தரையாகிவிடும். கழற்ற வேண்டுமென்றால் உளியும் சுத்தியலும் வேண்டும். இங்கே பெரும்பாலான வீடுகளில் மாடித் தரை மரம். உத்திரக் கட்டைகளின் மேல் ப்ளைவுட் அடித்து, அதன்மேல் டைல்ஸோ வினைலோ ஒட்டியிருப்பார்கள். மரத்தரை கோடையில் உப்பும், குளிரில் சுருங்கும், ஆள் நடந்தால் மயிரிழை வளையும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வெடித்துவிடும். அதனால் இங்கே கம்மோடைத் தரையோடு ஒட்டவைப்பதில்லை. தரையிலிருந்து மேலே வரும் கழிவுக் குழாயின் வாயில் ஒரு வட்டத் தகட்டைப் பொருத்துகிறார்கள். இதற்குப் பெயர் ஃபிளேஞ்ச். இதைத் தரையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். ஃபிளேஞ்சில் இரண்டு பக்கம் நீளத்துளை. அதில் தலைகீழாகச் செருகி நிறுத்திய இரண்டு போல்ட்கள்தான் கம்மோடின் அடித்துளைகள் வழியாக மேலே எட்டிப் பார்க்கின்றன. கம்மோடைப் பிடித்து நிறுத்துவது இந்த இரண்டும், அதன் சொந்த எடையும்தான்.

சரி, கம்மோடின் அடிவாய்க்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவில் தண்ணீர் வெளியே போகாமல் தடுப்பது எது? ஒரு மெழுகு வளையம். அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

கடையில் அந்த வளையத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பனைவெல்லப் பாகு நிறம். சின்ன உளுந்து வடை வடிவம், ஆனால் ஓட்டை பெரிது. கனம் சுமார் ஒரு அங்குலம். விரலை வைத்தால் பதியும். பதிந்த இடத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், பலாப்பழப் பால் போல சோப்புப் போட்டாலும் போகாது. இதன்மேல் சுமார் 40 கிலோ எடையுள்ள கம்மோடை இறக்கினால் மெழுகு நசுங்கி, பீங்கானின் மேடு பள்ளத்திலும் ஃபிளேஞ்சின் மேடு பள்ளத்திலும் புகுந்து, காற்றுக்கூடப் போகாதபடி அடைத்துக்கொள்ளும். மெழுகு காய்ந்து உதிராது, தண்ணீரில் கரையாது, மக்காது. கம்மோடு அசையாமல் இருந்தால் முப்பது வருடம்கூட அப்படியே இருக்கும்.

அதன் குறை ஒன்றே ஒன்று. ரப்பரை அழுத்தி விட்டால் திரும்ப எழும்பும். மெழுகு எழும்பாது. கம்மோடு முன்பக்கம் சாயும்போது பின்பக்கம் ஒரு நூல் தூக்குகிறது என்றால், அந்த ஒரு நூல் இடைவெளி அங்கே அப்படியே நின்றுவிடும். கம்மோடு பழைய இடத்துக்கு வந்து உட்காரும், மெழுகு வராது. நாளுக்குப் பத்து முறை உட்கார்ந்து எழுந்தால் அந்தச் சந்து அகலமாகிக்கொண்டே போகும். நான் போல்ட்டை முறுக்கியபோது ஆட்டம்தான் நின்றது. உள்ளே பிரிந்துபோன மெழுகு பிரிந்தபடியே இருந்தது. அதைவிட மோசமாக, அசைவு நின்றதால் எங்களுக்கு இருந்த ஒரே எச்சரிக்கையும் போய்விட்டது.

இந்த மெழுகு வளையம் இருக்கும் இடத்தையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கோப்பையில் எப்போதும் நிற்கும் தண்ணீர், கம்மோடின் உள்ளேயே வளைந்து போகும் பாதையில் நிற்கிறது. சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மெழுகு வளையமோ அந்த வளைவைத் தாண்டிக் கீழே இருக்கிறது. அங்கே தண்ணீர் நிற்பதில்லை. ஃப்ளஷ் செய்யும் சில நொடிகள் மட்டுமே தண்ணீர் அதைக் கடந்து ஓடும். ஆகவே மெழுகு கெட்டால் கசிவு நாள் முழுக்க இருக்காது. ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்று வரும், நின்றுவிடும். அடுத்த ஃப்ளஷ் வரைக்கும் மரம் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். பல வீடுகளில் தரையில் ஒரு சொட்டுகூடத் தெரியாமல் ப்ளைவுட் உளுத்துப்போவது இப்படித்தான். இன்னொன்று, தண்ணீர் போகும் சந்தில் வாயுவும் வரும். கோப்பையில் தண்ணீர் சரியாக நிற்கிறது, கழுவியும் ஆகிவிட்டது, ஆனாலும் பாத்ரூமில் அழுகிய முட்டை நாற்றம் விட்டுவிட்டு வருகிறது என்றால் மெழுகைச் சந்தேகப்படலாம்.

ஆனால் அடியில் ஈரம் தெரிந்த உடனே கம்மோடைத் தூக்கிவிடக் கூடாது. மேலே எங்கே ஒழுகினாலும் தண்ணீர் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கி அடியில்தான் தேங்கும். டேங்கையும் கோப்பையையும் இணைக்கும் போல்ட்டின் வாஷர் நைந்திருக்கலாம். சுவரிலிருந்து வரும் ஆங்கிள் வால்வில் சொட்டு இருக்கலாம். கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த டேங்கின் வெளியே வியர்த்து வழியும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல. நான் செய்த சோதனை எளிது. டேங்க், குழாய், கோப்பை, அடிப்பக்கம் எல்லாவற்றையும் துணியால் துடைத்து உலரவிட்டேன். டேங்குக்குக் கீழே, வால்வுக்குக் கீழே, அடியைச் சுற்றி என்று மூன்று இடத்தில் டிஷ்யூ காகிதம் விரித்தேன். கோப்பைத் தண்ணீரில் கேசரிக்குப் போடும் கலர்ப்பொடி கொஞ்சம் கரைத்துவிட்டு ஒருமுறை ஃப்ளஷ் செய்தேன். டேங்குக்கும் வால்வுக்கும் கீழே இருந்த காகிதம் உலர்ந்தே இருந்தது. அடியில் பின்பக்க ஓரம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஊறிக்கொண்டு வந்தது. கலர் கலந்த தண்ணீர் அடியில் வந்தால் அது கோப்பையிலிருந்து வெளியேறுகிற தண்ணீர். மெழுகுதான் போயிருக்க வேண்டும், அல்லது கோப்பையே விரிந்திருக்க வேண்டும். வெறும் தண்ணீராக வந்தால் மேலே தேடலாம்.

போல்ட்டை முறுக்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆட்டம் புதிது, அடியில் ஈரமில்லை, நாற்றமில்லை, நட் கையிலேயே திரும்பும் அளவுக்குத் தளர்ந்திருக்கிறது என்றால் முறுக்கத்தான் வேண்டும். எப்படி முறுக்குகிறோம் என்பதுதான் விஷயம். வலப்பக்கம் கால் சுற்று, பிறகு இடப்பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கம்மோடை அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவு நின்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் பீங்கான் அடிப்பாகம் போல்ட் துளையிலிருந்து ஓரம் வரை விரிந்துவிடும். விரிந்த பீங்கானுக்கு நம்பகமான ஒட்டு கிடையாது, முழுக் கம்மோடையும் மாற்ற வேண்டியதுதான். நான் அன்று ஒன்றரைச் சுற்று ஒரே மூச்சில் முறுக்கியும் பீங்கான் தப்பியது என் அதிர்ஷ்டம்.

முறுக்கும்போது கையில் தெரியும் ஒரு அடையாளமும் உண்டு. நட் இறுகாமல் சுற்றிக்கொண்டே போகிறது, கூடவே போல்ட்டும் சுற்றுகிறது என்றால், அடியில் போல்ட்டின் தலை ஃபிளேஞ்ச் துளையிலிருந்து நழுவியிருக்கிறது, அல்லது ஃபிளேஞ்சே உடைந்திருக்கிறது. இறுகுகிறது, ஆனால் அடுத்த வாரமே தளர்கிறது என்றால் ஃபிளேஞ்சைப் பிடித்திருக்கும் மரம் உளுத்திருக்கிறது. இந்த இரண்டிலும் மேலிருந்து முறுக்கிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் கம்மோடைத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் தேவகோட்டைக்கார நண்பர் ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக வீடு புதுப்பிக்கும் வேலை செய்பவர். ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். வந்தவர் முதலில் கேட்டது, "மெழுகு வாங்கினீங்களே, எங்க வச்சிருக்கீங்க?" காரின் டிக்கியில் இருந்தது. ஜனவரி மாதம், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். "உள்ள கொண்டு வந்து வைங்க. கல்லு மாதிரி இருக்கும். அப்படியே வச்சு உட்கார்ந்தா நசுங்காது, ஒரு பக்கமா வெடிக்கும்." வளையத்தை வரவேற்பறையில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, ஃப்ளஷ் பிடியை அழுத்திப் பிடித்து டேங்கைக் காலி செய்தோம். அடியில் மிச்சமிருந்த தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தோம். கோப்பையில் நின்ற தண்ணீரையும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அப்படியே முகந்து பக்கெட்டில் விட்டோம். இதைச் சோம்பல் இல்லாமல் செய்ய வேண்டும். தூக்கும்போது கம்மோடு சாய்ந்தால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் முழுக்கத் தரையில்தான் கொட்டும். பிறகு தண்ணீர்க் குழாயைக் கழற்றினோம். அடியைச் சுற்றிப் பூசியிருந்த பழைய சிலிக்கானைக் கத்தியால் அறுத்துவிட்டோம். வலப்பக்க நட் வந்துவிட்டது. இடப்பக்கம் துருப்பிடித்து நகரவே இல்லை. அவர் ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டவில்லை. ஹாக்ஸா பிளேடை நட்டுக்கும் பீங்கானுக்கும் நடுவில் படுக்கவைத்து, ஐந்து நிமிடத்தில் போல்ட்டையே அறுத்துவிட்டார். போல்ட் எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறோம்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மெழுகின் பிடி விட லேசாக ஆட்டி, நேராக மேலே தூக்கினோம். விரித்து வைத்திருந்த பழைய போர்வையில் பக்கவாட்டில் படுக்கவைத்தோம். உடனே நண்பர் ஒரு பழைய பனியனைச் சுருட்டிக் கழிவுக் குழாயின் வாயில் அடைத்து, ஒரு முனையை வெளியே நீட்டி விட்டார். வாயு வராமலும், ஸ்க்ரூவோ நட்டோ உள்ளே விழாமலும் இருப்பதற்காக. முழுதும் உள்ளே தள்ளிவிட்டால் அது குழாயோடு போய்விடும், பிறகு அதை எடுக்கத் தனி ஆள் கூப்பிட வேண்டும்.

பட்டி பூசும் தகட்டால் பழைய மெழுகைச் சுரண்டினோம். கம்மோடின் அடிவாயில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. புதிய மெழுகு பழைய மெழுகின்மேல் ஒட்டினால் நடுவில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். சுரண்டி முடித்ததும்தான் காரணம் வெளியே வந்தது.

ஃபிளேஞ்ச், தரைக்கு மேலே இருக்க வேண்டியது. டைல்ஸின் மேல்பரப்பைவிடக் கால் அங்குலம் உயரமாக இருந்தால் நல்லது என்பார்கள். எங்கள் வீட்டில் அது டைல்ஸைவிட ஒரு சென்டிமீட்டர் போலத் தாழ்ந்து பள்ளத்தில் இருந்தது. வீடு 1984இல் கட்டியது. முதலில் வினைல் தரை. பிறகு யாரோ ஒருவர் அதன்மேல் பலகை போட்டு டைல்ஸ் ஒட்டி, தரையை உயர்த்தியிருக்கிறார்கள். ஃபிளேஞ்சை மட்டும் உயர்த்தவில்லை. பள்ளத்தில் இருக்கும் ஃபிளேஞ்சைத் தொட மெழுகுக்குக் கனம் போதவில்லை. ஒரு பக்கம் அழுத்தமாகவும், மறுபக்கம் பட்டும் படாமலும் ஒட்டியிருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே அது அரைகுறை வேலை. டைல்ஸ் மாற்றிய வீடுகளில் கம்மோடு கசிவதற்கு இதுவே மிகச் சாதாரணமான காரணம் என்றார் நண்பர். ஏதாவது வீட்டில் பாத்ரூம் தரையை உயர்த்துகிறார்கள் என்றால் அன்றைக்கே ஃபிளேஞ்சையும் உயர்த்தச் சொல்வது நல்லது. பிறகு செய்வதைவிட அது பல மடங்கு சுலபம்.

இதற்குச் சிலர் இரண்டு மெழுகு வளையத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். நண்பர் அதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு வளையத்துக்கு நடுவில் உள்ள இணைப்பில் ஒன்று வழுக்கி நகரலாம், அல்லது நசுங்கிய மெழுகு குழாய்க்குள் பிதுங்கி அடைப்பு உண்டாக்கலாம். கொஞ்சம்தான் தாழ்வு என்றால் கனமான ஒற்றை வளையம் ஒன்று கடையில் கிடைக்கிறது. தாழ்வு அதிகமென்றால் ஃபிளேஞ்சையே உயர்த்துவதுதான் முறை. அதற்கென்று பிளாஸ்டிக் வளையங்கள் விற்கிறார்கள். அரை அங்குலக் கனமுள்ள ஒன்றை வாங்கி வந்தோம். அடியில் சிலிக்கான் பூசி, பழைய ஃபிளேஞ்சின்மேல் வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூக்களால் இரண்டையும் சேர்த்துக் கீழே ப்ளைவுட் வரை இறுக்கினோம். இப்போது டைல்ஸைவிட மூன்று மில்லிமீட்டர் உயரம்.

ஸ்க்ரூ போடுவதற்கு முன்பு, ஃபிளேஞ்சைச் சுற்றி ப்ளைவுட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தோம். பின்பக்கம் கறுத்திருந்தது. ஆனால் முனை இறங்கவில்லை. மரம் தப்பியது. முனை வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புது ப்ளைவுட் போட்டு, தேவைப்பட்டால் உத்திரக் கட்டையோடு துணைக்கட்டை சேர்த்துத்தான் மேலே எதையும் வைக்க வேண்டும். அது ஒருநாள் வேலை இல்லை. அந்த நிலைக்கு வந்த வீட்டில் பிளம்பரையும் தச்சரையும் கூப்பிடுவதே சரி. பழைய வார்ப்பிரும்புக் குழாயில் ஃபிளேஞ்ச் உடைந்திருந்தாலும் அப்படித்தான். அறுபது, எழுபதுகளில் கட்டிய வீடுகளில் பழைய தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றைச் சோதித்துப் பார்க்காமல் வெட்டவோ உடைக்கவோ கூடாது.

அடுத்ததாக நண்பர் செய்ததை நான் எங்கேயும் பார்த்ததில்லை. புது போல்ட் இரண்டையும் ஃபிளேஞ்ச் துளைகளில் நிறுத்தி, சாயாமல் இருக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாஷர் போட்டார். மெழுகை வைக்காமல், வெறும் கம்மோடை மட்டும் போல்ட்டில் இறக்கினோம். "இப்ப ஆட்டிப் பாருங்க," என்றார். ஆடியது. புது ஃபிளேஞ்ச், புது போல்ட், அப்படியும் ஆடியது. டைல்ஸ்தான் காரணம். முன்பக்கம் இடது ஓரத்தில் ஒரு டைல் தாழ்ந்து, கம்மோடின் விளிம்புக்குக் கீழே இடைவெளி இருந்தது. ஒரு குவார்ட்டர் நாணயத்தைச் செருகினேன், தாராளமாகப் போனது. இரண்டை அடுக்கிச் செருகினேன், சிக்கியது. ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர். என் வீட்டில் ஆட்டத்தின் பிறப்பிடம் அந்த இரண்டு நாணயக் கனம்தான். முன்பு நான் போல்ட்டை முறுக்கி அந்த இடைவெளியை வலுக்கட்டாயமாக மூடப் பார்த்திருக்கிறேன். பீங்கான் வளையாது, தரையும் எழும்பாது. இழுவிசை முழுவதும் ஃபிளேஞ்சின் மேல் விழுந்திருக்கிறது.

இடைவெளி உள்ள இடத்தில் பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருக வேண்டும். மெல்லிய முனை உள்ளே போகும்படி வைத்து, விரலால் தள்ளி, ஆட்டம் நிற்கும்வரை மட்டும் நகர்த்தினோம். சுத்தியலால் அடிக்கவில்லை. அடித்தால் இந்தப் பக்கம் எழும்பி அந்தப் பக்கம் ஆடத் தொடங்கும். மர ஆப்பு கூடாது, ஈரத்தில் ஊறி நசுங்கும். முன் இடதில் இரண்டு, பின் வலதில் ஒன்று. வெறும் எடையிலேயே கம்மோடு கல்லாக நின்றது. ஆப்பு இருந்த இடங்களைத் தரையில் பென்சிலால் குறித்துவிட்டு மறுபடியும் கம்மோடைத் தூக்கி வைத்தோம்.

மெழுகு வைப்பதற்கு முன்னாலேயே ஆட்டத்தைத் தீர்ப்பது ஏன் என்று அப்போது புரிந்தது. மெழுகை வைத்து இறக்கிய பிறகு ஆட்டத்தைக் கண்டுபிடித்தால், ஆட்டிப் பார்த்த அந்த அசைவிலேயே புது மெழுகு கெட்டுவிடும்.

பனியனை எடுத்துவிட்டு, அறைச் சூட்டில் இளகியிருந்த வளையத்தை ஃபிளேஞ்சின்மேல் நடுவாக வைத்தோம். கம்மோடைத் தூக்கி, போல்ட்டுகள் துளைகளில் தெரிகின்றனவா என்று நான் ஒரு பக்கம் குனிந்து பார்க்க, அவர் மறுபக்கம் பார்க்க, நேராகக் கீழே இறக்கினோம். இந்த இடத்தில் அவசரம் கூடாது. கம்மோடு ஒருமுறை மெழுகைத் தொட்டுவிட்டால் திரும்பத் தூக்கக் கூடாது. தூக்கினால் அந்த வளையம் குப்பைக்குத்தான், இன்னொன்று வேண்டும். பத்து டாலருக்குள் கிடைக்கும் பொருள் என்பதால் நண்பர் எப்போதும் இரண்டாக வாங்கிக்கொண்டு வருவாராம்.

பிறகு அவர் மூடியின்மேல் நேராக உட்கார்ந்தார். முழு எடையையும் கொடுத்து, மயிரிழை இடப்பக்கம், மயிரிழை வலப்பக்கம் திருகினார். முன்னும் பின்னும் ஆட்டவில்லை. அடியில் மெழுகு மெல்ல நசுங்குவது கம்மோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதில் தெரிந்தது. விளிம்பு டைல்ஸையும் ஆப்புகளையும் தொட்ட பிறகுதான் ஸ்பேனர் எடுத்தார். "மெழுகை நசுக்கறது நம்ம உடம்பு. நட்டு அதைப் பிடிச்சு வைக்கத்தான்." வாஷர், நட், பிறகு கால் சுற்று இங்கே, கால் சுற்று அங்கே. மொத்தம் நாலைந்து கால் சுற்றில் நிறுத்திவிட்டார். நான் அன்று முறுக்கியதில் பாதிகூட இல்லை. ஆனால் அசைவு துளியும் இல்லை.

மெழுகு இல்லாத ரப்பர், ஃபோம் வளையங்களும் இப்போது விற்கின்றன. தவறாக இறக்கிவிட்டால் திரும்பத் தூக்கி வைக்கலாம் என்பது அவற்றின் வசதி. தனியாக வேலை செய்பவர்களுக்கும், தரைக்கடியில் சூடேற்றும் குழாய் ஓடும் பாத்ரூமுக்கும் அவை பொருத்தம். விலை கூடுதல். ஃபிளேஞ்சின் உயரத்துக்கு ஏற்ற அளவைப் பார்த்து வாங்க வேண்டும். நண்பருக்கு மெழுகின்மேல்தான் நம்பிக்கை, எனக்கும் இப்போது அப்படித்தான்.

தண்ணீர் திறந்து, ஆறேழு முறை ஃப்ளஷ் செய்து, ஒவ்வொரு முறையும் அடியைச் சுற்றி டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தோம். உலர்ந்திருந்தது. ஆப்புகளில் வெளியே நீட்டியிருந்ததைக் கத்தியால் விளிம்போடு அறுத்தோம். போல்ட்டின் மிச்ச உயரத்தை ஹாக்ஸாவால் வெட்டி மூடிகளை மாட்டினோம். சிலிக்கானை அன்றே பூசவில்லை. ஒரு வாரம் புழங்கி, நட்டை இன்னொருமுறை தொட்டுப் பார்த்து, காகிதம் உலர்ந்தே இருக்கிறது என்று உறுதியான பிறகு பூசினேன்.

சிலிக்கான் பூசுவது கசிவைத் தடுப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். வெளியிலிருந்து தண்ணீரும் அழுக்கும் அடியில் போய் நாறாமல் இருக்கவும், கம்மோடு பக்கவாட்டில் நகராமல் இருக்கவும்தான் அது. உள்ளே மெழுகு கெட்டிருக்கும்போது வெளியே பூசினால் கசிவு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். முன்பு இருந்த சொந்தக்காரர் எங்கள் கம்மோடைச் சுற்றி ஒரு மயிரிழை விடாமல் பூசியிருந்தார். அந்த வட்டத்துக்குள் சேர்ந்த தண்ணீருக்குத் தரை வழியாகக் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. ஓரிடத்தில் அது பிய்ந்திருந்ததால்தான் கலர்த் தண்ணீராவது எனக்குத் தெரிந்தது.

நான் முன்பக்கமும் இரு பக்கமும் பூசி, சுவர்ப் பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்கு விட்டுவைத்திருக்கிறேன். சுற்றிலும் மூடச் சொல்லும் ஊர்களும் உண்டு. அங்கே உள்ளூர் விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்த இடைவெளியில் ஒரு டிஷ்யூவை மடித்துச் செருகி, ஃப்ளஷ் செய்து, இழுத்துப் பார்க்கிறேன். கூரையின் கறைக்கு அடிவண்ணம் பூசி வெள்ளையடித்தது மார்ச்சில். அம்மா ஊருக்குக் கிளம்பிய ஏப்ரல் வரைக்கும் காகிதம் உலர்ந்தே வந்தது.